மாமா கழித்த அறுபதாயிரம்

என் தாய்மாமாவிடமிருந்து அம்மாவுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரவேண்டியிருந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகளில் விளைந்த உப்புக்கான பணம் அது. மரக்காணத்தில் உப்பு வியாபாரம் செய்யும் மாமா தன் லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போனார். கூடப் பிறந்தவர்களுக்குள் பில் போடும் பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. மழைக்காலம் வந்ததும் கணக்கைத் தீர்ப்பார்கள். இரண்டு மழைக்காலம் போயும் தீரவில்லை. வட்டிக்கு வாங்கிக் குத்தகை கட்டிய அம்மா, மூன்றாவது வருஷம் பாத்திகளை விட்டுவிடும் நிலைக்கு வந்திருந்தார்.

திண்டிவனம் நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு பெண் வக்கீல் எங்களுக்கு இரண்டு வழிகளைச் சொன்னார்.

"முன்சீப் கோர்ட்ல கேஸ் போட்டா நூத்துக்கு மூணு ரூபா கோர்ட் ஃபீஸ். உங்களுக்கு ஐயாயிரத்து நானூறு. நீங்க பொம்பளங்கறதால அதை இங்கயே பாத்துக்குவாங்க, வருமானம் கேக்க மாட்டாங்க. ஆனா முடிய ரெண்டு மூணு வருஷம் ஆவும். ஜெயிச்ச அப்புறம் வசூல் பண்ண இன்னொரு மனு போடணும்."

"இன்னொரு வழிங்க?" என்றேன்.

"மக்கள் நீதிமன்றம். கேஸ் போடாமலே மனு குடுக்கலாம், ஃபீஸ் இல்ல. ஒத்து வந்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும். எதிராளி வரலன்னா, ஒத்துக்கலன்னா அவ்ளோதான், கேஸ்தான் போடணும். இதுல உக்காந்துட்டு கெடுவ விட்டுடாதீங்க. உப்பு ஏத்தின தேதியிலேர்ந்து மூணு வருஷம்தான் டைம்."

நான் கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. செலவு, காலம், கைக்கு வரும் தொகை, ஆதாரம் என்று பிரித்து எழுதினேன். எடைமேடைச் சீட்டுகளில் மாமாவின் லாரி எண் இருந்தது. 'தரேன்க்கா, கொஞ்சம் பொறு' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இருந்தது. வழக்குப் போட்டாலும் நிற்கும். ஆனாலும் கெடுவுக்கு ஏழு மாதம் மிச்சமிருந்ததால், முதலில் மக்கள் நீதிமன்றம் என்று முடிவு செய்தோம். அம்மாவுக்கு வேறு காரணம் இருந்தது. "கோர்ட்டுன்னா அவன கூண்டுல ஏத்துவாங்க. இதுல பக்கத்துல ஒக்காந்து பேசலாம்."

நோட்டீஸ் போனது. மாமா வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார்.

"சாப்ட்டியாக்கா?"

"சாப்ட்டேன்டா. நீ?"

மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதியும் ஒரு மூத்த வக்கீலும் இருந்தார்கள். தொகையை மாமா மறுக்கவில்லை. "தரவேண்டியதுதாங்க. ஆனா நான் குடுத்ததயும் கழிக்கணும் இல்லீங்களா?" என்றார்.

"என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

"இந்தப் பாப்பாவோட மஞ்சத் தண்ணிக்கு. சங்கிலி, பட்டுப்பொடவ, பந்தல், சாப்பாடு. அறுவதாயிரம்."

என்னைப் பார்க்காமலே சொன்னார். அன்று பச்சை ஓலை வெட்டிவந்து, தன் கையாலேயே எனக்குக் குடிசை கட்டியவர் அவர். மாமன் சீர் வரிசை தெருவை அடைத்துக்கொண்டு வந்ததை அம்மா இன்றும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

நீதிபதி முகம் சுருங்கியது. "அது சீர்தானேப்பா? கடன் எப்படி ஆகும்?"

"எனக்கும் பொண்ணு இருக்குதுங்க" என்றார் மாமா.

அம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். "ஒத்துக்காதம்மா. கேஸே போடலாம். சீரக் கடன்னு அவரால நிரூபிக்க முடியாது. முழுசா வரும்."

"நிரூபிக்கச் சொல்லி என்னத்தடி கேப்பாங்க? அந்தப் பொடவ எவ்ளோ, சங்கிலி எவ்ளோன்னு அவன் வக்கீல் என்னயத்தான் கேப்பாரு. ரெண்டு வருஷம் நான் அதுக்கு பதில் சொல்லணுமா?"

"அறுபதாயிரம்மா."

"தெரியுது. எனக்கும் கணக்கு வரும்."

அம்மா உள்ளே போய், ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு ஒத்துக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு தவணை. நீதிபதி இரண்டு முறை கேட்டார். "யோசிச்சுக்கோங்கம்மா. இதுக்கு அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"சரிங்க ஐயா" என்ற அம்மா, தட்டச்சுச் செய்பவரின் பக்கம் திரும்பினார். "அந்த அறுவதாயிரத்த சீர்னு போடாதீங்க. கைமாத்தா வாங்கினேன்னு போடுங்க."

"ஏம்மா?"

"சீர்னு போட்டா, குடுத்தத திருப்பி வாங்கிட்டான்னு ஆயிடும்ங்க. அவன் பொண்ணுக்கு நாளைக்கு சம்பந்தம் பேசணும்."

மாமா அந்த வரியைப் படித்துப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், எங்களை வண்டியில் ஏறச் சொல்லாமல் போய்விட்டார்.

இரண்டு தவணையும் தேதி தவறாமல் வந்தன. பாத்திகள் கையைவிட்டுப் போகவில்லை. நான் எழுதிப் பார்த்தபடி செலவும் இல்லை, காலமும் மிச்சம். அரசு முத்திரையோடு வந்த அந்த உத்தரவின்படி, என் மஞ்சள் நீராட்டுக்கு மாமன் சீர் என்று எதுவும் வரவில்லை. அம்மா தன் தம்பியிடம் கைமாற்று வாங்கித்தான் அதைச் செய்திருக்கிறார்.