தூசி இருமல்

என் மகளுக்கு மூன்று வயது நடந்தபோது சாயங்காலமானால் காய்ச்சல் வந்துவிடும். மூன்று வாரமாக ஆம்பூரில் கொடுத்த எந்த மருந்துக்கும் அது கேட்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய், சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். துணைக்கு என் தம்பி வந்தான். எங்கள் வீட்டில்தான் இருக்கிறான், டேனரியில் தோலைத் தேய்க்கும் பஃபிங் மெஷினில் வேலை. அவள் தினமும் தூங்குவதே அந்தத் தாய்மாமன் மார்மேல்தான். பெற்றவள் நான் வெறும் சமையல்காரி.

டிபியாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. பெரியவர்கள் என்றால் சளியைக் காறித் துப்பச் சொல்லிப் பார்த்துவிடலாம். இந்த வயதுக் குழந்தைகள் துப்பாமல் விழுங்கிவிடுமாம். அதனால் விடிந்ததும் வெறும் வயிற்றில், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்தே எடுத்தார்கள். அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன். கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

"அப்ப டிபி இல்லதானே மேடம்?"

"அப்டி சொல்ல முடியாதும்மா. குழந்தைங்களுக்குக் கிருமியே கம்மி. இருந்தாலும் டெஸ்ட்ல மாட்டாது."

எக்ஸ்ரே எடுத்தும் சந்தேகம் தீராமல், ஸ்கேன் எடுத்தார்கள். மார்புக்குள் நெறி கட்டியிருந்தது. அது வேறு காரணத்தாலும் இருக்கலாமாம். வீட்டில் யாருக்காவது ரொம்ப நாள் இருமல் உண்டா என்று மறுபடியும் கேட்டார்.

"யாருக்கும் இல்ல மேடம்" என்று அடித்துச் சொன்னேன்.

அப்போதுதான் குழந்தையைத் தோளில் போட்டிருந்த என் தம்பி இருமினான். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இவரு?"

"அது இருமல் இல்ல மேடம். பஃபிங் தூசி."

எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் இருமுவார்கள். அதை நோயென்று சொன்னால் சிரிப்பார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு டப்பாவைக் கொடுத்து அவனைச் சளி துப்பிவரச் சொன்னார். அதில் கிருமி இருந்தது. மாமனுக்கு டிபி, கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு நெறி, விடாத காய்ச்சல், இளைப்பு. இதற்குமேல் காத்திருக்க வேண்டாமென்று அன்றைக்கே இருவருக்கும் மாத்திரை ஆரம்பித்தார்.

"நான்தான் குடுத்துட்டேன்க்கா" என்று தம்பி வராண்டாவிலேயே உட்கார்ந்து தேம்பினான்.

"லூசு, உன் இருமல் இல்லன்னா இன்னும் எத்தினி நாள் அலைஞ்சிருப்போம்?" என்று திட்டினேன்.

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வெளி அறையில் தனியாகப் படுத்தான். அவள் "மாமா, தூக்கு" என்று கதவைத் தட்டிக் கத்துவாள். இரண்டு மாதத்தில் அவளுக்குக் கன்னம் உப்பியது. அவன் சளியிலும் கிருமி இல்லையென்று வந்தது. மாத்திரை மட்டும் இன்னும் பாக்கி, இனி தூக்கலாம் என்றார் டாக்டரம்மா. அப்படியும் அவன் கிட்டே வரவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குழந்தையைக் கொண்டுபோய் அவன் மடியில் தொப்பென்று உட்கார வைத்தேன். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே விறைத்து உட்கார்ந்திருந்தான். என்னடா இது என்று குனிந்து பார்த்தேன்.

"டேய், மூச்சு வுடுடா" என்றேன்.