ரேஷன் கார்டு பிடித்த போட்டோ

போட்டோவைப் பார்த்து மூக்குக்கண்ணாடிக்கு பிரேம் எடுத்துத் தருவது எங்கள் கடையில் ஏழெட்டு வருடமாக நடக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அப்பாவின் போட்டோவை அனுப்புவார்கள். ஆசிரமத்துக்கு வந்து செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள், தேரடியில் இருக்கும் கடை வரை வெயிலில் வரச் சோம்பல்பட்டு அனுப்புவார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி. ஒழுங்காக எடுக்காத போட்டோ வந்தால் யாராக இருந்தாலும் திட்டிவிடுவேன்.

கையை நீட்டித் தானே எடுத்தால் மூக்கு பெரிதாகவும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் கன்னப்பொறி ஒடுங்கியும் விழும். அதனால் நாலடி தள்ளி நின்று, கண் மட்டத்தில், வேறு ஒருவர் எடுக்க வேண்டும். மூக்குக்குக் கீழே உதட்டை ஒட்டி ஏதாவது ஒரு கார்டைப் பிடிக்க வேண்டும். ஏடிஎம் கார்டோ ரேஷன் கார்டோ, எல்லாம் ஒரே அகலம், எண்பத்தைந்தரை மில்லிமீட்டர். அதை வைத்துத்தான் முகத்தின் அகலத்தைக் கணக்குப் போடுவேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்வேன்: "கல்யாண போட்டோ, காலேஜ் போட்டோலாம் அனுப்பாதீங்க. இன்னிக்கு இருக்கற மூஞ்சிய அனுப்புங்க."

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள், என் தங்கைக்கு மட்டும் என்ன செய்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கை கீழ்பென்னாத்தூரில் கணக்கு டீச்சர். மார்பில் கட்டி என்று தெரிந்து வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அங்கே கட்டிலிலிருந்து கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டது. புது பவர் எழுதி வாங்கி, வீட்டுக்காரரை எடுக்கச் சொல்லி ஒரு போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கணக்கு டீச்சர் ஆயிற்றே, நான் ஊருக்கே சொல்லும் அத்தனை சட்டமும் சரியாக இருந்தது. வெளிச்சம் நேராக, கண் மட்டம் நேராக, உதட்டை ஒட்டி ரேஷன் கார்டு.

கார்டில் அவளுடைய பழைய போட்டோ இருந்தது. வீட்டுக்கு அவள்தான் குடும்பத்தலைவி. நீள முகம், அடர்ந்த புருவம். அதற்கு மேலே இருந்த முகம் எனக்குத் தெரியாத முகம். மருந்தில் கன்னம் உப்பி, பொறி வரை வீங்கி, மூக்குத்தண்டு கன்னத்துக்குள் அமுங்கிப் போய், புருவம் இருந்த இடத்தில் வெறும் தோல். ஐயோ சாமி! போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டேன்.

"போட்டோ பாத்தியாக்கா?" என்று சாயங்காலம் போனில் கேட்டாள்.

"பாத்தேன்டி. சூப்பரா எடுத்துருக்காரு. நாளைக்கே பண்ணிடறேன்."

பச்சைப் பொய். மறுநாள் நான் திறந்தது எங்கள் சித்தி பெண் கல்யாணத்தில் அவள் பந்தியில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை. அளவுக்குக் கடை நோட்டில் அவளுடைய பழைய பிரேம் நம்பர் இருந்தது. அதே அளவில், அவளுக்கு எப்போதும் பிடித்த மாதிரி, மேல்விளிம்பு இல்லாத மெல்லிய கம்பி பிரேம். அந்தப் புருவத்துக்கு விளிம்பு எதற்கு, புருவமே விளிம்பு மாதிரி இருக்கும். லென்ஸ் மாட்டி அவள் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.

"நல்லாருக்குக்கா" என்றாள். அதோடு வீடியோ கால் நின்றுவிட்டது. சிக்னல் இல்லை, களைப்பு என்று ஏதாவது சொல்வாள். நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து அவள் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். கோபப்படாத மனிதர்.

"அக்கா, நான் சொன்னன்னு சொல்லாதீங்க. கண்ணாடி ரொம்ப இறுக்குதுக்கா. காதுக்கு மேல பஞ்சு வெச்சிக்கிறா. செவந்து தடம் விழுது. படிக்கறப்ப மட்டும் போட்டுட்டு கழட்டிடறா."

"ஏன் எங்கிட்ட சொல்லல அவ?"

"அக்கா வருத்தப்படும், விடுங்கன்றா."

அன்றைக்குத்தான் அவள் அனுப்பிய போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கித் திறந்தேன். கார்டை வைத்து அளந்தேன். பொறிக்குப் பொறி நூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். நான் அனுப்பிய பிரேம் நூற்று முப்பத்தொன்று. பதினோரு மில்லிமீட்டர் நெரித்திருக்கிறேன், பாவி. ஒரு கண்மணியிலிருந்து இன்னொரு கண்மணிக்கு அளந்தேன். அறுபத்தொன்று. நோட்டில் பழைய அளவைப் பார்த்தேன். அதுவும் அறுபத்தொன்று. கன்னம் வீங்கும், வற்றும். கண்ணின் இடைவெளி மாறாது. தொழிலில் இது எனக்குப் பழைய பாடம். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்துக் கடையில் உட்கார்ந்தே அழுதேன்.

அழுதுவிட்டு வேலையை ஒழுங்காகச் செய்தேன். முகம் அகலம் என்று லென்ஸையும் பெரிதாக எடுத்தால் கண் இரண்டும் மூக்குப் பக்கம் ஒதுங்கி மாறுகண் மாதிரி தெரியும். அதனால் லென்ஸ் சின்னதாக, இரண்டு ஓரமும் வெளியே நீண்ட பிரேம் தேடினேன். அமுங்கிய மூக்குக்கு, வளைத்துச் சரிசெய்யக்கூடிய சிலிக்கான் பேட். மேல்விளிம்பு மட்டும் கருப்பு, கீழே கம்பி. புருவம் எங்கே இருந்ததோ அதே கோட்டில் அந்தக் கருப்பு உட்காரும்படி உயரம் பார்த்தேன். லென்ஸ் வந்ததும் முதல் பஸ்ஸில் வேலூர் போனேன்.

கட்டிலில் இருந்தது போட்டோவில் இருந்த முகம் இல்லை. ஊசி மருந்தைக் குறைத்துவிட்டார்களாம். வீக்கம் மொத்தமும் வற்றிக் கன்னம் உள்ளே போயிருந்தது. கண்ணாடியை மாட்டினேன். மூக்கில் நிற்காமல் நழுவி உதட்டருகில் வந்து நின்றது.

அவள் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாக்கா நீ, எப்பவும் ஒரு மூஞ்சி லேட்டாவே வர்ற."

"என்னை மன்னிச்சிடுடி. நான் அந்த போட்டோவ பாக்கவேயில்ல."

"தெரியும். பழைய பிரேம் அளவே வந்துச்சே. பாத்திருந்தா அத அனுப்பிருப்பியா?" கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "ஆனா எனக்கு கோவம்தான்க்கா. ஊருக்கெல்லாம் சொல்லுவியே, இன்னிக்கு இருக்கற மூஞ்சிய அனுப்புன்னு. அனுப்பினேனே."

பையிலிருந்து சின்னக் குறடை எடுத்தேன்.

அங்கேயே உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். பேட் இரண்டையும் உள்பக்கம் நெருக்கினேன். காதுக்குப் பின்னால் கம்பியை வெந்நீர் டம்ளரில் காட்டி வளைத்தேன். போட்டு, கழற்றி, மறுபடி போட்டு. அந்த வேலைக்கு முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். அரைமணி நேரம் பார்த்தேன். கடைசியில் பிரேம் நின்றது. கருப்பு விளிம்பு அதன் இடத்தில் உட்கார்ந்தது.

போன் கேமராவை முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி அவளுக்குக் காட்டினேன்.

"ஐய, புருவம் வந்துடுச்சிக்கா!" என்றாள். பிறகு, "கார்ட எடுத்து குடு. இதையும் அளந்து வெச்சிக்கோ" என்றாள்.

அளந்தேன். அறுபத்தொன்று.

பத்தொன்பதாவது நாள் போய்விட்டாள். மாலை போட்டு மாட்ட நல்ல படம் ஒன்று கொடுங்கள் என்று வீட்டில் கேட்டார்கள். எல்லோரும் பந்தியில் சிரிக்கும் படத்தையே கேட்டார்கள். அதைக் கொடுத்தேன். வீங்கின முகத்தோடு ரேஷன் கார்டு பிடித்திருக்கும் படத்தை யாரும் கேட்கவில்லை. அது என் போனில் இருக்கிறது. தினமும் கடை திறந்ததும் ஒரு தரம் அதைப் பார்க்கிறேன். அவள் அனுப்பின அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டியது.