'அக்கா' என்று எழுதாத கடிதம்

வினோதாவின் புருஷன் அழகனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, அவன் மூச்சுக்கு உதவிய ஒட்சிசன் இயந்திரத்தைத் தேடி திலக்ஷன் வந்துவிட்டான். மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கோயில் கமிட்டிச் செயலாளர் அவன். கையில் பெயின்ட் டப்பா.

"வினோதாக்கா, மேல் லயத்து வீட்டுல வீரய்யா மாமாவுக்கு மூச்சு இழுக்குது. மெசின அங்க கொண்டு போகணும். அதுக்கு முன்னாடி 'உபயம்'னு ஒரு வரி எழுதிருவோம். யாரு குடுத்தது?"

"தெரியாது தம்பி."

"பேரில்லாத சாமான் திருட்டுச் சாமான் மாதிரில்ல இருக்கு? நம்ம கோயில் டியூப்லைட்டப் பாருங்க. லைட்டு எரியுதோ இல்லையோ, பேரு பளிச்சுன்னு தெரியும்."

வினோதா சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பேரு எழுதினா மெசின் போகாது," என்றாள். அவள் இவ்வளவு அழுத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. திலக்ஷன் டப்பாவை மூடினான்.

புருஷனுக்கு நுரையீரல் கெட்டு, உட்கார்ந்தே தூங்கிய நாட்களில்தான் தோட்டத்துப் பள்ளிக்கூடச் சுகிர்தம் டீச்சர் ஓட்டோவில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். "பேரு வேணாம், போட்டோ வேணாம், மைக்குல நன்றி வேணாம். குடுத்தவங்க சொன்னது இது மூணுதான்," என்றார். வினோதா எதுவும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். வாயால் கேட்க வேண்டியதையெல்லாம் கண்ணால் பார்த்துப் பழகியிருந்தாள்.

பெட்டியைக் கட்டியிருந்தது ஆம்பிளைகள் இடுப்பில் உடுத்தும் நீலக் கட்டம் போட்ட சாரத்தின் கிழிசல். பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்தெடுக்கும் மீனம்மா, பாவாடை நனையாமல் மேலே கட்டும் படங்குச் சாக்கின் கயிறு இடுப்பை அறுக்காமலிருக்க உள்ளே சுற்றிக்கொண்டிருந்த சாரம் அது. அவள் மகன் கிஷாந்த்துடையது. கொழும்பில் கட்டட வேலைக்குப் போனவன் உயரப் பலகைக் கட்டிலிருந்து விழுந்து செத்தான். வந்த நட்ட ஈட்டைக் கேட்டு மீனம்மாவின் கொழுந்தன்மார் இரண்டு தடவை கதவை உடைத்தார்கள். எல்லாம் காரியத்தில் கரைந்துவிட்டது என்று சொல்லி அடி வாங்கிக்கொண்டாள். அந்தக் காசுதான் இந்தப் பெட்டியாக வந்தது என்று தெரிந்தால் இனி அடிப்பதோடு நிறுத்தமாட்டார்கள்.

வினோதா அந்தத் துணியை அன்றே அடுப்பில் போட்டு எரித்தாள்.

இப்போது இயந்திரத்தை வீரய்யாவுக்குக் கொடுக்கலாம் என்று கொடுத்தவரிடம் சம்மதம் வாங்கிவந்த டீச்சர், "ரெண்டு வரி நன்றி எழுதிக் குடுங்க. உறைய ஒட்டாம குடுங்க, நான் சேத்துர்றேன்," என்றார். மீனம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. டீச்சர்தான் வாசித்துக் காட்டுவார். அதுவும் வினோதாவுக்குத் தெரியும்.

எழுதிக் கொடுத்தாள். முதல் வரியிலேயே டீச்சரின் கண் நின்றது.

"அன்புள்ள அக்காவா? பொம்பளைன்னு யாரு சொன்னா?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"இது யாரு கையிலயாவது மாட்டினா என்ன ஆகும்? 'பக்கத்திலேயே இருக்கிறீங்க'ன்னு வேற எழுதியிருக்கீங்க. யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது டீச்சர்."

டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப தெரியாதவங்க மாதிரி எழுதுங்க."

முதல் தாளைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, இப்படி எழுதினாள்:

"உதவி செய்தவர்களுக்கு வணக்கம். இயந்திரம் வந்த பிறகு என் புருஷன் படுத்துத் தூங்கினார். தானே உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். கரண்டு போன நாளில் மட்டும் பயந்தோம். அவர் போய்விட்டார். ஆனால் மூச்சுக்குத் தவித்துப் போகவில்லை. கடைசிக் காலையில் தேத்தண்ணி கேட்டுக் குடித்தார். இயந்திரத்தில் காற்றை வடிகட்டும் பஞ்சைக் கழுவி, தண்ணீர்ப் போத்தலைச் சுத்தமாக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடியே பேரும் போட்டோவும் எங்கும் வராது. பதில் வேண்டாம். வினோதா."

டீச்சர் இரண்டு தடவை வாசித்தார். எதையும் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு போனார். கையில் எதுவும் இல்லாமல் திரும்பினார். "கேட்டு முடிச்சதும் அடுப்புல போட்டாச்சு," என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை மலையில் மூட்டம். மீனம்மா வழக்கம்போலப் பக்கத்து நிரையில் நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. உள்ளே சுற்ற அந்தச் சாரம் இல்லாமல், படங்குக் கயிறு வெறும் இடுப்பில் அழுந்திச் சிவந்த கோடு போட்டிருந்தது. வினோதாவின் பார்வை அங்கே போனது. சட்டென்று செடிக்குத் திருப்பிக்கொண்டாள். இனி அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது.

இயந்திரம் போய்ச் சேர்ந்த மேல் லயத்திலிருந்து வீரய்யாவின் இருமல் கேட்டது.

"கொழுந்தெல்லாம் முத்திப்போச்சு. வெரசா எடு வினோதா, கங்காணி வாறாரு," என்றாள் மீனம்மா.

"சரிக்கா," என்றாள் வினோதா, தலையை நிமிர்த்தாமல்.