ஞானம்மா சீட்டை முடித்த நாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில், விடிகிறதற்கு முன்னே இட்லி அண்டாவை அடுப்பில் ஏற்றுகிறவள் ஞானம்மா. புருஷன் இல்லை. ஒரே மகள் மோனிகா நர்ஸ் படிப்பு முடித்து வேலூரில் வேலை பார்க்கிறாள். அடுப்படியில் நிற்கும்போதும் வாய்க்குள்ளே ஜெபம் ஓடிக்கொண்டே இருக்கும். யார் பேரை விட்டாலும் தங்கச்சி சுகிர்தா பேரை மட்டும் விடமாட்டாள்.

சுகிர்தா திருநின்றவூரில் இருக்கிறாள். அவள் புருஷன் எபினேசர் அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பே சுகிர்தா வந்துவிடுவாள். அக்காவும் தங்கச்சியும் தரையில் பேப்பர் விரித்து அதிரசம் தட்டுவார்கள். அக்கா தட்டுவது கோணலாக இருக்கிறதென்று தங்கச்சி குறை சொல்லுவாள். போன வருஷம் அந்தச் சத்தம் இல்லாமல் பண்டிகை போயிற்று. ஞானம்மா அதிரசமே செய்யவில்லை. சர்ச்சுக்குப் போய் வந்து, காலையில் மீந்த சாம்பாரில் சோறு பிசைந்து தின்றுவிட்டுப் படுத்தாள்.

எல்லாம் அந்தக் கம்பெனிச் சீட்டால் வந்தது.

மோனிகாவின் காலேஜ் பீஸுக்காக இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்றில் சேர்ந்தாள். நாற்பது பேர், நாற்பது மாசம், மாசம் ஐயாயிரம். ஏழாவது மாசமே பணம் தேவைப்பட்டது. அந்த மாசம் அவளைப் போலவே அவசரக்காரர்கள் நிறைய இருந்தார்கள். ஏலத்தில் எவ்வளவு தொகையை விட்டுத்தருவது என்று ஒருவருக்கு மேல் ஒருவர் தள்ளிக் கேட்டு, கடைசியில் அறுபதாயிரம் தள்ளி ஞானம்மா எடுத்தாள். கமிஷனுக்கு உண்டான வரியையும் பிடித்துக்கொண்டு கையில் வந்தது ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.

செக்கை வாங்கித் தொகையை இரண்டு தரம் படித்தாள்.

"ரெண்டு லட்சம் சீட்டுன்னு சொல்லிட்டு இதைக் குடுக்கறியேம்மா. மீதியை யாரு துன்னது?" என்று கேட்டாள்.

கிளை மேனேஜர் குணசுந்தரி சிரித்துவிட்டாள். கோபப்படாத பெண். "யாரும் துன்னலக்கா. நீங்க தள்ளுனது அறுபதாயிரம். அதுல பத்தாயிரம் எங்க கமிஷன், சீட்டு தொகையில நூத்துக்கு அஞ்சு. மீதி ஐம்பதாயிரத்தை நாப்பது பேருக்கும் பிரிக்கறோம். ஆளுக்கு ஆயிரத்து இருநூத்தைம்பது. அதான் டிவிடெண்ட். நீங்களும் அந்த நாப்பது பேருல ஒருத்தர்தானே. உங்களுக்கும் அடுத்த தவணையில அது கழியும். ஐயாயிரத்துக்குப் பதிலா மூவாயிரத்து எழுநூத்தைம்பது கட்டுனா போதும்."

"எடுத்தவளுக்கும் கழிவு உண்டா?"

"ஒழுங்கா கட்டறவரைக்கும் உண்டு."

சீட்டு எடுத்தவர் மீதித் தவணையைக் கட்டாமல் ஓடிவிடக் கூடாதே. அதற்கு ஜாமீன் கேட்டார்கள், சம்பளச் சான்று உள்ள அரசாங்க ஆளாக. எபினேசர் வந்து கையெழுத்துப் போட்டான். போடும்போது, "அக்கா, நம்ம பேரு கெடாம பாத்துக்கோ" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பேர் கெட்டது. போன வருஷம் கேன்டீன் கான்ட்ராக்டர் மாறினான். புதியவன் வந்து சேருகிற வரையில் மூன்று மாசம் வேலை இல்லை. தவணை நின்றது. பாக்கி வைத்த மாசங்களுக்குக் கழிவு கிடையாது, முழு ஐயாயிரமும் வட்டியும் சேர்ந்தது. சீட்டுக் கம்பெனி சட்டப்படி ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அது டிப்போ ஆபீசுக்கே போய்ச் சேர்ந்தது. குமாஸ்தா பிரித்தான். ஷெட்டில் எல்லாரும், "இன்னா எபினேசரு, சீட்டு எடுத்து கட்டாம சுத்தறியாமே?" என்று ஒரு வாரம் ஓட்டினார்கள். அவன் ரோஷக்காரன். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம், "உங்க அக்கா சீட்டு முடியறவரைக்கும் அந்த ஊட்டுப் படி ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பாக்கியை ஞானம்மா ஆறு மாசத்தில் அடைத்தாள். அப்புறம் ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆனால் தங்கச்சிக்குப் போன் போடக் கை வரவில்லை. சீட்டை முடித்து, ஜாமீன் விடுவித்த காகிதத்தோடுதான் அவள் முகத்தில் விழிக்கவேண்டும் என்று மனசில் எழுதிக்கொண்டாள்.

இந்த டிசம்பரில் பழைய கான்ட்ராக்டரிடம் இருந்த காலத்துப் பி.எப். பணம் வந்தது. நாற்பத்தோராயிரத்து ஐநூறு. சீட்டில் இன்னும் பத்துத் தவணை. சமீபமாகக் கழிவு போக மாசம் நாலாயிரத்து நூறுதான் கட்டிவந்தாள். பத்து மாசத்துக்கு நாற்பத்தோராயிரம். கர்த்தர் கணக்குப் பார்த்து அனுப்பினதுபோல இருந்தது அவளுக்கு. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்க, விடாத மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பஜார் தெருவிலிருக்கும் சீட்டு ஆபீசுக்குப் போனாள்.

"மிச்சம் மொத்தத்தையும் இன்னிக்கே கட்டி மூடிடறேம்மா."

குணசுந்தரி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "ஐம்பதாயிரம் ஆவுதுக்கா."

"நாப்பத்தோராயிரம்தானே?"

"முன்னாடியே மூடுனா முழுத் தவணை கட்டணும். கழிவைக் கழிக்க முடியாது."

"ஒழுங்கா கட்டுனா உண்டுன்னு நீதானம்மா சொன்ன?"

"உண்டு, யாரு இல்லைன்னாங்க? ஆனா இனிமே நடக்கப்போற ஏலத்துல எவ்ளோ தள்ளுவாங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?" அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "உங்க சீட்டுக்கே இப்போ ஏலம். உக்காருங்க, நீங்களே பாருங்க."

பக்கத்து அறையில் பத்து நாற்காலி போட்டிருந்தது. மழைக்கு ஒருவரும் வரவில்லை. பக்கத்திலிருக்கும் ஆரணியிலிருந்து அரசப்பன் என்று ஒரு நெல் விவசாயி மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நேரம் சொல்லி ஏலம் கூப்பிட்டார்கள். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. கமிஷன் பத்தாயிரம் மட்டும் போகச் சீட்டு அவருக்கு. ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம், அதில் வரிதான் பிடிப்பு.

"எனக்கே பேஜாரா கீதும்மா, ஒருத்தராவது வந்து போட்டி போடுவாங்கன்னு பாத்தேன்" என்று பெரியவர் சிரித்துக்கொண்டே வயல் மோட்டார் ரிப்பேருக்குத்தான் பணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞானம்மா அவரையே பார்த்தாள். அதே சீட்டு. அதே ஐயாயிரம். அவருக்கு முப்பது மாசம் பொறுத்திருக்க முடிந்தது. அவளுக்கு முடியவில்லை. பொறாமை இல்லை. அந்த ஏழாம் மாசத்தில் தன்னாலும் காத்திருக்க முடிந்திருந்தால் ஜாமீன்கூட எபினேசரிடம் கேட்டிருக்க வேண்டாமே.

"பாத்தீங்களா? தள்ளுனது கமிஷனுக்கே சரியாப் போச்சு. இந்த மாசம் டிவிடெண்டே இல்ல" என்றாள் குணசுந்தரி. "நான் பாட்டுக்கு மாசம் தொள்ளாயிரம்னு இப்பவே கழிச்சுக் குடுத்துட்டா, அந்தப் பணத்தை யாருகிட்ட போய்க் கேக்கறது? நீங்க முழுசா கட்டுங்க. மாசாமாசம் ஏலத்துல எவ்ளோ வருதோ, உங்க பங்கு உங்க பேங்குக்கு வந்துக்கினே இருக்கும்."

"எட்டு தவணை இப்போ கட்டறேன். ஜாமீனை மட்டும் விட்டுடேன்."

"கடைசித் தவணை வரைக்கும் ஜாமீன் விட முடியாதுக்கா. நாப்பது பேரு பணம். அவசரம் இன்னா? பத்து மாசம் ஓடிடும்."

பத்து மாசம். இன்னொரு கிறிஸ்துமஸ் அதற்குள் போய்விடும். இரண்டு நாளாக அவள் அரிசியை ஊறவைத்து, இடித்து, பாகு காய்ச்சி மாவு தயாராக வைத்திருந்தாள். தட்டுகிற கைதான் வரவேண்டும். மோனிகாவைக் கேட்கலாம், ஆனால் அந்தப் பெண் அனுப்பின முதல் சம்பளத்தில்தான் பழைய பாக்கியே அடைந்தது.

"எத்தினி மணி வரைக்கும் பணம் வாங்குவீங்க?"

"நாலு மணி."

எதிர்ச்சாரியில் அடகுக் கடை. திரும்பி வந்தபோது ஞானம்மாவின் காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க விளக்குமாற்றுக் குச்சியைக் கிள்ளி இரண்டு காதிலும் சொருகியிருந்தாள். குணசுந்தரி அதைப் பார்த்தாள். பணத்தை எண்ணி வாங்கி, ரசீது போட்டு, ஜாமீன்தாரர் பொறுப்பு தீர்ந்தது என்ற கடிதத்தில் தானே முத்திரை குத்தினாள். நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவரும் தேடிக் கொடுத்தாள்.

அதே சாயங்காலம் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, திருநின்றவூரில் இறங்கினாள் ஞானம்மா. ஒரு கையில் கடிதம், ஒரு கையில் மாவுத் தூக்கு. வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். எபினேசர் கதவைத் திறந்தால் முதலில் கடிதத்தை நீட்டவேண்டும். சுகிர்தா திறந்தால்?

சுகிர்தா திறந்தாள். இளைத்திருந்தாள். தலையில் நரை கூடியிருந்தது.

"சீட்டை மூடிட்டேன்டி. இந்தா, ஜாமீன் வுட்ட பேப்பரு. உங்க ஊட்டுக்காரருகிட்ட குடுத்துடு" என்று ஞானம்மா வாசலுக்கு வெளியிலிருந்தே நீட்டினாள்.

சுகிர்தா அதை வாங்கவில்லை. "உன் ஊட்டுப் படி நான் ஏறக்கூடாதுன்னுதான் அவரு சொன்னாரு. என் ஊட்டுக்கு நீ வரக்கூடாதுன்னு யாருக்கா சொன்னது?"

ஞானம்மா நீட்டின கையை இறக்கினாள்.

"போன கிறிஸ்துமஸுக்கு நைட்டு வரைக்கும் வெளிய லைட்ட அணைக்காம உக்காந்துக்கினு இருந்தேன். அவருதான் சொன்னாரு, உங்க அக்கா வருவாங்க, நான் சொன்னது கோவத்துலன்னு அவங்களுக்குத் தெரியும்னு. வந்தியா நீ?"

"பேப்பரு இல்லாம எப்படிடி வர்றது?"

"பேப்பரு கேட்டனா உன்னை?"

உள்ளே அடுப்பில் ஏதோ தீய்ந்தது. சுகிர்தா ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். டியூப் லைட் வெளிச்சத்தில்தான் காதைப் பார்த்தாள்.

"கம்மல் எங்க?"

ஞானம்மா எல்லாவற்றையும் சொன்னாள். தவறாகப் போட்ட கணக்கு, ஆரணிப் பெரியவர், கழிவே இல்லாமல் போன ஏலம். "மாசாமாசம் என் பங்கு வரும். அதை வச்சி கம்மலை மூட்டுக்குவேன்."

"ஒருத்தனே வந்து ஏலம் எடுத்தா எங்க வரும் பங்கு?"

"அடுத்த மாசம் நாலு பேரு வருவாங்க."

சுகிர்தா மாவுத் தூக்கைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். பாகு முற்றிவிட்டது என்று முனகினாள். அப்புறம் பழைய பேப்பர் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தாள்.

"அடுத்த ஏலம் என்னிக்கு?"

"எதுக்குடி?"

"நானும் வரேன்."

"நீ மெம்பர் இல்ல. உன்னை ஏலம் கேக்க வுடமாட்டாங்க."

"கேக்கலன்னா இன்னா? உன் ஊட்டுல வந்து தங்கிட்டு, உன்கூட உக்காந்துக்கினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா தட்டிவைத்த முதல் அதிரசத்தைப் பார்த்தாள். "இன்னும் கோணலாத்தான் தட்டற."