ரிப்போர்ட்டின் மூன்றாம் பகுதி

ஆம்பூரை அடுத்த ஒரு புதிய தோல் தொழிற்சாலையில் கெமிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அறுபதுகளின் தொடக்கம். இயந்திரங்கள் வந்து இறங்கிவிட்டன, உற்பத்தி தொடங்கவில்லை. ஒவ்வொன்றையும் கொஞ்சம் தோல் போட்டு ஓட்டிச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. சனிக்கிழமைதோறும் சோதனைகளின் நிலையை ஒரு பக்கத்தில் எழுதி, மெட்ராஸில் இருந்த புராஜெக்ட் மானேஜருக்கு அனுப்ப வேண்டும். முன்னேற்றம், தடை, ஆபத்து என்று மூன்று பகுதிகளை அவரே வகுத்துக் கொடுத்திருந்தார். ஒரு நகலை டிரம் ஷெட்டின் பலகையில் ஒட்டுவோம். மேஸ்திரி அதைப் பார்த்துத்தான் அந்த வாரத்து வேலையைப் பிரிப்பார்.

மொத்தம் இருபத்துநான்கு சோதனைகள். பதினேழு முடிந்திருந்தன, அவற்றில் மூன்று தேறவில்லை. மூன்றை இன்னும் தொடங்கவில்லை. மீதி நான்கும் கழிவுநீர் பற்றியவை, அப்படியே நின்றன. முடி நீக்கும் டிரம்மின் சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும், தோலைப் பதப்படுத்தும் டிரம்மின் அமிலத் தண்ணீரும் ஒரே குழிக்குப் போயின. தனிக் கால்வாய் கட்ட சிமென்ட் பர்மிட் வரவில்லை. இரண்டு தண்ணீரிலும் கொஞ்சம் எடுத்து லேபில் கலந்து பார்த்தேன். மேலே பிடித்த ஈய அசிடேட் காகிதம் கண்ணெதிரே கறுத்தது. விஷவாயு. தொடர்ந்து மூன்று வாரம் ஆபத்துப் பகுதியில் ஒரே வரியை எழுதினேன்: கால்வாய் முடியும்வரை இரண்டு டிரம்களையும் ஒரே நாளில் திறக்கக் கூடாது.

நாலாவது வாரம் சனிக்கிழமை மானேஜரே ஜீப்பில் வந்தார். என் மேஜையில் இருந்த ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தார்.

"பர்மிட் எப்ப வரும்?"

"ரெண்டு வாரம் ஆகும்னு சொல்றாங்க சார்."

"அப்ப அது பாக்கி வேலை. ஆபத்துன்னு ஏன் எழுதறீங்க? டைரக்டருங்க இத படிச்சா திறப்பு விழாவ தள்ளி வெச்சிடுவாங்க."

"கேஸ் வருது சார். நானே டெஸ்ட் பண்ணேன்."

"லேப்ல எல்லாந்தான் வரும். நாலையும் 'நடந்துகொண்டிருக்கிறது'ன்னு முன்னேற்றத்துல போடுங்க. ஆபத்துல 'இல்லை'ன்னு எழுதிடுங்க."

வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. புதுத் தாளில் அவர் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நகல் பலகைக்குப் போனது. மேஸ்திரியிடம் வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்று அவர் லீவு. திங்கட்கிழமை காலை தேறாத பாகம் ஒன்றை மாற்றிவர என்னை வேலூருக்கு அனுப்பினார்கள். மேஸ்திரியைப் பார்க்காமலே பஸ் ஏறினேன்.

மத்தியானம் திரும்பியபோது குழியைச் சுற்றிக் கூட்டம். பலகையைப் பார்த்த மேஸ்திரி இரண்டு டிரம்களையும் திறக்கச் சொல்லியிருக்கிறார். குழிக்குள் இருந்த வலையில் முடி அடைத்துக்கொண்டதால் அதைச் சுத்தம் செய்யப் பள்ளிகொண்டாக்காரத் தொழிலாளி ஒருவர் இறங்கியிருக்கிறார். காலையில் என்னைப் பார்த்தால், "இன்னா சார், டீ ஆச்சா?" என்று கேட்காமல் போகமாட்டார். ஏணியின் நாலாம் படியில் கை விட்டுப்போய் விழுந்தாராம். பின்னாலேயே இறங்கப் போன அவர் தம்பியை நாலு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். "உடுங்கடா, எங்கண்ணன் உள்ள கீறாரு" என்று அவன் கத்திக்கொண்டிருந்தான். கயிற்றுக் கொக்கி போட்டு மேலே இழுத்தபோது உயிர் இல்லை.

மேஸ்திரி என்னிடம் வந்தார். "போன வாரம் வரைக்கும் எழுதியிருந்தியே சார். இந்த வாரம் இல்லன்னு போட்டிருந்த. கால்வா வேல முடிஞ்சிருச்சின்னு நெனச்சிட்டேன்." அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் பழைய மூன்று நகல்களையும் காட்டினேன். அவர் அவற்றை நாலாவது தாளோடு வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"மூணு வாரம் ஆபத்துன்னீங்க. நாலாவது வாரம் இல்லைன்னீங்க. நடுவுல என்ன சரியாச்சு?"

பக்கத்து நாற்காலியில் மானேஜர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் மாற்றச் சொன்னார் என்று சொல்ல வாய் வரை வந்தது. தாளில் இருந்தது என் எழுத்து. "ஒண்ணும் சரியாகல சார்" என்று மட்டும் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். அனுமதி கேட்காமல் தொழிலாளி குழியில் இறங்கியதே காரணம் என்று முடிவு வந்தது. மானேஜர் மீதும் என் மீதும் ஒரு வார்த்தை இல்லை. அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, தப்பித்தோம் என்று ஒரு நிமிஷம் மூச்சு விட்டேன். அந்த மூச்சுக்காக இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்காது.

அதுவரை வராத பர்மிட், விபத்து நடந்த நாலே நாளில் வந்திருந்தது. கால்வாயும் கட்டி முடிந்தது, நின்றிருந்த நாலு சோதனைகளும் தேறின. அந்த வாரச் சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து மானேஜரின் டிரங்க் கால்.

"கழிவுநீர் டெஸ்ட் நாலும் பாஸ்தானே? முன்னேற்றத்துல முதல் வரியா போடுங்க."

போட்டேன்.