அம்மா ஊர் நேரம்

பள்ளிவாசலுக்கு எதிரே கடை வைத்திருந்த ஜெராக்ஸ் அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் லேமினேஷன் போட்டுவிட வேண்டும். கரண்ட் பில்லுக்குப் போட்டாள், மருந்துச் சீட்டுக்குப் போட்டாள், மகள் மூன்றாம் வகுப்பில் வரைந்த பூனைக்கும் போட்டாள். மகளின் கல்யாணத்தின்போது பக்கத்துக் கடைத் தையல்காரி, "பாத்துக்கா, மாப்பிள்ளை கொஞ்சம் அசந்தார்னா அவரையும் மெஷினுக்குள்ள விட்டுடுவே" என்று கேலி பேசினாள். அக்கா சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்திருப்பாள் போல.

புருஷன் தவறிப்போனபோது மகள் இடுப்பில் இருந்தாள். அதற்கப்புறம் அக்காவுக்கு இருந்ததெல்லாம் ஒரு மெஷின், ஒரு மகள், அஞ்சு வேளைத் தொழுகை. சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னாடி இருக்கும் சின்ன அறையில் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துத் தொழுவார்கள். அந்த அறையில் ரெண்டு பேர் நிற்கத்தான் இடம். தோளோடு தோள் இடிக்கும். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

வருஷா வருஷம் பள்ளிவாசலில் தொழுகை நேர அட்டை ஒன்று அச்சடித்து வரும். ஊரில் எல்லார் வீட்டுக்கும் அக்காவின் மெஷின் வழியாகத்தான் அது போகும். ஆகவே மகள் புருஷன் வீட்டுக்குக் கிளம்பியபோது, பாத்திரம் பண்டத்தோடு அந்த அட்டையிலும் ஒன்றை நல்ல கெட்டி லேமினேஷன் போட்டுப் பெட்டியில் வைத்து அனுப்பினாள். இதில் கூத்து என்னவென்றால், சம்பந்தி யார் தெரியுமா? மோதினார். அந்த ஊர்ப் பள்ளிவாசலில் அஞ்சு வேளையும் பாங்கு சொல்கிறவர். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையைக் கேட்டிருப்பீர்கள், அது இதுதான்.

மகள் போன ஊர் பஸ்ஸில் அரைநாள் தூரம். மேற்கே போய், அப்படியே வடக்கே திரும்ப வேண்டும். முதல் நாள் சாயங்காலம் அக்கா பின்னறைக்குள் போனாள். ஒரு பாயை விரித்தாள். பக்கத்தில் காலியாகக் கிடந்த தரையைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"இங்க பாங்கு சொல்லிட்டாங்கடி. பாய் விரிச்சியா?"

"விரிச்சாச்சும்மா."

"சரி, தொழு."

போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தொழுதாள். அவள் அங்கே நிற்கிறாள், நான் இங்கே நிற்கிறேன், நேரம் ஒன்றுதானே! அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பாங்கு சொன்னதும் போன். 'விரிச்சாச்சும்மா.' பிறகு தொழுகை.

சில மாதம் கழித்து ஒருநாள் தொழுது முடித்த கையோடு, ஏதோ கேட்க மறந்துபோய் மறுபடி கூப்பிட்டாள். போனுக்குள் பின்னாலிருந்து சம்பந்தியின் குரலில் பாங்கு கேட்டது. அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் தொழுதே முடித்துவிட்டேன், இந்த மனுஷன் இப்போதுதான் பாங்கே சொல்கிறாரா?

மறுநாள் தையல்காரியிடம் கொட்டித் தீர்த்தாள். "மோதினாராம் மோதினார்! பேரு பெத்த பேரு, தாக நீலு லேது, பேருதான் பெரிசு, குடிக்கத் தண்ணி இல்லன்னு சொல்லுவாங்களே, அந்தக் கதையா இருக்கு. ஒரு ஊரே அவரை நம்பி இருக்கு, இவரு ஆடி அசைஞ்சு வர்றாரு!"

"நேர்ல போய்க் கேளேன். போன்ல கேட்டா உன் பொண்ணு தலைதான் உருளும்."

கேட்காமல் விடுகிற ஆளா அக்கா? வெயில் காலம் உச்சத்தில் இருந்தபோது ரெண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

சம்பந்தி வீட்டில் தடபுடலாகக் கவனித்தார்கள். சம்பந்தியம்மா அவளை நாற்காலியை விட்டு எழவே விடவில்லை. மகள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், பார்க்க நிறைவாக இருந்தது. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள் அக்கா. சுவரில் ரெண்டு அட்டைகள் தொங்கின. ஒன்று அந்த ஊர்ப் பள்ளிவாசலுடையது, ஓரம் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் அவள் கொடுத்து அனுப்பிய அட்டை, லேமினேஷனோடு பளபளவென்று இருந்தது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் ஆயிற்று. தன் அட்டையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மஃரிப் ஆகிவிட்டது. மோதினாரோ கூடத்தில் சாவகாசமாக டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார். இனிமேல் பொறுக்க முடியாது.

"சம்பந்தி, கோவிச்சுக்கக் கூடாது. மனசுல வச்சுக்கிட்டுப் பேசத் தெரியாது எனக்கு. உங்க கடிகாரம் கொஞ்சம் மெதுவா ஓடுதா?"

சம்பந்தியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மோதினார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் ஒன்றுமில்லை, முகத்தில் ஒரு குறும்பு.

"அப்படியா சொல்றீங்க? வாங்க, மேல போய்க் கேட்டுட்டு வந்துடுவோம்."

"யார்கிட்ட?"

"வாங்க சொல்றேன்."

மொட்டை மாடிக்கு ஏறினார்கள். பின்னாலேயே மகளும் வந்தாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அடிவானத்துக்கு ரெண்டு விரல் உயரத்தில், சூரியன் சிவப்பாகக் கும்மென்று உட்கார்ந்திருந்தது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இது மறையாம நான் எப்படிங்க பாங்கு சொல்றது?" என்றார் மோதினார். "உங்க ஊர்ல இந்நேரம் முழுகியிருக்கும். நீங்க கிழக்க இருக்கீங்க. காலையில உங்க வீட்டைத்தான் முதல்ல எட்டிப் பாக்குது, சாயங்காலம் உங்ககிட்டதான் முதல்ல சொல்லிட்டுக் கிளம்புது. எங்களுக்கு வந்து சேர நேரம் ஆகும்ல? நம்ம கையில இருக்குற கடிகாரம் நாட்டுக்கே ஒண்ணு. சூரியன் அப்படி இல்லையே. ஊருக்கு ஊரு தனித்தனியா நிக்கும்."

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தோல்வியைச் சட்டென்று ஒத்துக்கொள்கிற ஜாதி இல்லை அவள்.

"அப்ப சரி, எத்தனை நிமிஷம்னு சொல்லுங்க. என் அட்டையில எல்லாத்துலயும் பேனாவால கூட்டி எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"நீங்களே ரெண்டையும் வச்சுப் பாருங்க."

மகள் கீழே ஓடிப்போய் ரெண்டு அட்டைகளையும் கொண்டுவந்தாள். மெஷின்காரி இல்லையா, அக்காவின் கண் கட்டம் கட்டமாக ஓடியது. நடுப்பகலில், சூரியன் உச்சி சாயும் லுஹருக்கு, எட்டு நிமிஷம் வித்தியாசம். எந்த மாதத்தைப் பார்த்தாலும் அதே எட்டு. அப்பாடா என்று இறங்கி மஃரிப் வரிசைக்கு வந்தாள். இந்த மாதம் பதினொன்று. குளிர் மாதத்தில் பார்த்தால் வெறும் அஞ்சு. சூரியன் உதிக்கும் நேரத்தைப் பார்த்தாள், அது நேர் தலைகீழ். இப்போது அஞ்சு, குளிரில் பதினொன்று.

"என்னங்க இது, ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது!"

"மேற்கே இருக்கறதுக்கு எட்டு. அது மாறாது. ஆனா நாங்க வடக்கேயும் தள்ளி இருக்கோமே. வெயில் காலத்துல சூரியன் வடக்குப் பக்கமா சாஞ்சு போகும். அப்ப எங்களுக்குப் பகல் உங்களைவிட நீளம், ரெண்டு முனையிலயும். குளிர்ல அது தெற்கே போயிடும், எங்க பகல் சுருங்கிடும். சுபுஹுக்குக் கிழக்க வெளிச்சக் கீத்து தெரியணும், அஸருக்கு நிழல் நீளணும், இதெல்லாம் அந்தந்த ஊர்ல நின்னு பாக்குற கணக்கு. மொத்தமா ஒரு நம்பரைக் கூட்டினா ஒரு மாசம் சரியா வரும், மறு மாசம் காலை வாரிடும்."

அக்கா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அந்த நினைப்பு இடிபோல இறங்கியது. அட்டை கீழே விழுந்தது.

"யா அல்லாஹ்! இத்தனை மாசமா இவளை நான்ல தொழு தொழுன்னு ஏவிட்டிருக்கேன்! நேரம் வர்றதுக்கு முந்தித் தொழுதா அது தொழுகையே இல்லையே. அத்தனை மஃரிபையும் நானே வீணாக்கிட்டேனே. பெத்தவளே புள்ளைக்குக் குழி பறிச்சிட்டேனே!"

படியில் உட்கார்ந்து அழவே ஆரம்பித்துவிட்டாள். மோதினார் மருமகளைப் பார்த்தார். பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிவிட்டது, "நீயே சொல்லும்மா" என்று இறங்கிப் போனார்.

மகள் அம்மாவின் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தோளோடு தோள் இடித்தது.

"ஒண்ணுகூட வீணாகலம்மா. மாமா பாங்கு சொன்னப்புறம்தான் தொழுவேன்."

அக்காவின் அழுகை பாதியில் நின்றது. "பாய் விரிச்சாச்சுன்னு சொல்லுவியேடி?"

"விரிப்பேன். விரிச்சுட்டு உக்காந்திருப்பேன். நீ அங்க தொழுதுட்டு இருப்பே. நேரம் வந்ததும் எந்திரிச்சு நான் தொழுவேன்."

"அடிப்பாவி! இந்த ஊருக்கு நேரம் வேறம்மான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? ஊர் பூரா உன் மாமனாரைச் சோம்பேறின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே!"

மகளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. "அந்த ரூம்ல நீ தனியா நிக்கறேம்மா. நான் பக்கத்துல நிக்கறேன்னு நெனச்சுட்டே தொழுதுட்டுப் போயேன்னுதான் சொல்லல."

அக்கா மகளின் தலையைப் பிடித்து நெற்றியில் அழுத்தி முத்தம் கொடுத்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் இறங்கி முடிந்தது. சம்பந்தியின் பாங்கு கேட்டது. நல்ல குரல் அவருக்கு, சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்குத் தாயும் மகளும் ஒரே பாயில் நின்று தொழுதார்கள்.

கிளம்பும் முன்னால் அக்கா அடுப்படிக்குள் போய்த் தன் அட்டையைச் சுவரிலிருந்து கழற்றப் பார்த்தாள். "மானத்தை வாங்குது. கிழிச்சுப் போட்டுடறேன்." அவள் போட்ட லேமினேஷன், லேசில் கிழியுமா? மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்து பிடுங்கி மறுபடி ஆணியில் மாட்டினாள்.

"அதைத் தொடாதே. எனக்கு வேணும்."

"இது உனக்கு எதுக்குடி? உன் ஊருக்கு உதவாது."

"எதுக்கோ வேணும், விடேன்."

சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே கட்டிச் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஊர் வந்த மறுநாள் சாயங்காலம் பாங்கு சொன்னார்கள். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினாள். முகம் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் பாய் விரித்தாள். கை தானாகப் போனை எடுத்தது. எடுத்த கையோடு வைத்துவிட்டாள். இனிமேல் கூப்பிட்டு என்ன? அவளுக்கு அங்கே இன்னும் நேரமே ஆகவில்லை. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் நிற்கிறோம் என்று இத்தனை மாதம் நினைத்திருந்ததும் போயிற்று. பக்கத்துத் தரையைப் பார்க்காமல் தொழ நின்றாள்.

கை கட்டப்போகும் நேரத்தில் போன் அடித்தது.

"ஏம்மா இன்னும் கூப்பிடல?"

"உனக்குப் பதினோரு நிமிஷம் கழிச்சுத்தானேடி நேரம். இங்க பாங்கு சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் அட்டை இருக்கே, சுவத்துல" என்றாள் மகள். "பாய் விரிச்சாச்சும்மா. நீ தொழு, நான் உக்காந்திருக்கேன்."