திரும்பி வராத பெட்டிகள்

மலேசியாவில், கிள்ளான் பக்கத்து மேருவில் இருந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மாடியில் நாங்கள் மூன்று பேர்தான்: முதலாளி, நான், குளிர்சாதனப் பெட்டி. முதலாளி பாதி நேரம் வெளியில் இருப்பார், குளிர்சாதனப் பெட்டி பாதி நேரம் வேலை செய்யாது. ஆகவே கணக்கு முழுக்க என் ராஜ்ஜியம். அந்தத் திமிரில்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் முறுக்குக் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கடனில் பெட்டி கொடுக்க நானே சம்மதித்தேன்.

புது வாடிக்கையாளர் முதல் மூன்று ஆர்டருக்குக் கையில் காசு கட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த அங்கிள் நேரில் வந்து, சிங்கப்பூருக்கு முறுக்கு அனுப்பப்போவதாகச் சொல்லி, ஒரு பொட்டலத்தையும் என் மேசையில் வைத்தார். முறுக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் விதியைத் தூக்கிப் போட்டேன். மூன்று முறை எண்ணூறு எண்ணூறாக, ஐந்து அடுக்கு கெட்டிப் பெட்டிகள் லோரியில் போயின. மூன்று இன்வாய்ஸ், மொத்தம் ஐயாயிரத்து எழுநூற்று அறுபது ரிங்கிட். ஒரு காசும் வரவில்லை. பிறகு கடையே மூடிவிட்டது, போன் அடித்தால் எடுக்க ஆளில்லை.

மூன்று நினைவூட்டல் கடிதம் போட்டேன். வக்கீல் கடிதம் திரும்பி வந்தது. ஆண்டு முடிவில் தணிக்கையாளர் வரும் நேரம் நெருங்க, முதலாளி ஒரு திங்கட்கிழமை சொன்னார்:

"அந்த முறுக்குக்காரன் கணக்கை கிளியர் பண்ணிடு லா. சும்மா தொங்கிட்டு இருக்கு."

கிளியர் பண்ண இரண்டு வழி இருந்தது. ஒன்று, வாராக்கடன் என்று எழுதித் தள்ளுவது. விற்பனை விற்பனையாகவே நிற்கும், வராத பணம் செலவாக ஏறும், வாடிக்கையாளர் பெயரில் உள்ள பாக்கி நம் புத்தகத்தில் பூஜ்யம் ஆகும். இது நம் வீட்டுக்குள் நடக்கும் காரியம், அவருக்குத் தெரியவும் தெரியாது. அவர் நாளைக்கு வந்தால் பணம் கேட்கலாம், கொடுத்தால் வருமானம் என்று எழுதிக்கொள்ளலாம். இன்னொன்று கிரெடிட் நோட். அது வாடிக்கையாளருக்கே போகிற காகிதம். சரக்கு திரும்பி வந்தது, விலை தப்பாகப் போட்டோம், எண்ணிக்கை குறைந்தது என்றெல்லாம் ஒரு காரணம் சொல்லி, அந்த அளவுக்கு விற்பனையையே குறைத்துவிடும். அதற்குப் பிறகு அவர் நமக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை.

லாபம் இரண்டிலும் ஒரே அளவுதான் குறையும். அதுதான் என்னைக் கெடுத்தது. வாராக்கடனுக்கு ஒரு படிவம் உண்டு, அதில் "கடன் அனுமதித்தவர்" என்று ஒரு வரி. அந்த வரியில் என் பெயர் வரும். கிரெடிட் நோட்டில் அப்படி ஒரு வரி இல்லை. நான் கணினியில் கிரெடிட் நோட்டைத் திறந்து, காரணம் கேட்ட இடத்தில் "சரக்கு திரும்பியது" என்பதை அமுக்கினேன். அது வரித்துறை மின்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே, மணி மாலை மூன்று. நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

வியாழன் காலை படி அதிர ஒரு அக்கா மேலே வந்தார். கீழே பெட்டிகளுக்குப் பசை போடும் ஒட்டுப் பிரிவின் தலைவி. வழக்கமாக மேலே வந்தால் சிரிப்பு முன்னால் வரும், அன்றைக்கு அவர் மட்டும் வந்தார். கையில் காலாண்டு அறிக்கை.

"எம்மா, ரெண்டாயிரத்து நானூறு பெட்டி ரிட்டர்ன்னு போட்டிருக்கே. எங்கம்மா அந்தப் பெட்டி?"

திரும்பி வரும் சரக்கு இல்லாத காலாண்டுக்கு ஒட்டுப் பிரிவில் பதினொரு பேருக்கும் ஆளுக்கு முந்நூறு ரிங்கிட் போனஸ். அது நின்றுபோகும் என்று கிரெடிட் நோட் போட்டபோது எனக்குத் தோன்றவே இல்லை. என் பெயர் வருகிற வரியைப் பற்றி யோசித்தேனே தவிர, கீழே இருப்பவர்களைப் பற்றி யோசிக்கவில்லை.

"ஸ்டோர்ல இருக்கும்கா, பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன். வாய் தானாகப் பொய் சொன்னது.

"நானே பாக்கிறேன்." அவர் போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரம் கீழே பெட்டி தேடும் படலம் நடந்தது. ஃபோர்க்லிஃப்ட் முன்னும் பின்னும் ஓடியது. யாரோ மலாயில் "டாக் அடா!", அதாவது இல்லை, என்று கத்தினார்கள். இல்லாத பெட்டியை அத்தனை ஒழுங்காகத் தேடுகிறவர்களை நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அக்கா மீண்டும் வந்தபோது படியில் சத்தமே இல்லை. நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எம்மா, அந்த ஆர்டருக்கு நான் பசை மாத்தினேன். பழசு தீந்துபோச்சு, புதுசு ஊத்தினோம். அது சரியா ஒட்டலையோ என்னமோ. என் தப்பாத்தான் இருக்கும். பிள்ளைங்க போனஸை மட்டும் நிறுத்தாதீங்கன்னு பாஸ் கிட்ட சொல்றியா?"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "இருங்கக்கா, வரேன்" என்று முதலாளி அறைக்குள் போனேன்.

"பாஸ், பெட்டி எதுவும் திரும்பி வரலை. நான் கிரெடிட் நோட் போட்டுட்டேன். வாராக்கடன் போட்டிருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப மாத்த முடியுமா?"

"எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ரத்து பண்ணலாம். இன்னைக்கு மூணு மணி வரைக்கும். அப்புறம்னா டெபிட் நோட்னு இன்னொரு காகிதம் போட்டு சுத்தி வளைக்கணும்."

"இப்ப மணி என்ன?"

"பதினொண்ணரை."

"பின்ன இங்க என்ன கதை லா?"

பத்து நிமிடத்தில் ரத்து செய்தேன். காணாமல் போயிருந்த பாக்கி அந்த மனிதர் பெயரில் மறுபடி எழுந்து நின்றது. அதைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வேடிக்கைதான். பிறகு வாராக்கடன் படிவத்தை எடுத்து, மூன்று இன்வாய்ஸ், மூன்று கடிதம், திரும்பி வந்த வக்கீல் கடிதம் எல்லாவற்றையும் பின்னால் கோத்தேன். தணிக்கையாளரும் வரித்துறையும் முதலில் கேட்பது, பணம் வாங்க என்ன முயற்சி செய்தீர்கள் என்பதைத்தான். கடைசி வரியில் என் பெயரை எழுதினேன். கையெழுத்து கொஞ்சம் கோணல்.

முதலாளி படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார். நான் வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன்.

"முறுக்கு நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு பாஸ்."

"எனக்கு ஒண்ணு கூட வைக்கலை," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "இனிமே விதியை நீ மாத்தக்கூடாது. போனஸ் நிக்காதுன்னு நீயே கீழ போய் சொல்லு."

அதுதான் தண்டனை. அதற்குள் அக்கா கீழே போயிருந்தார். பதினொரு பேர் முன்னால் நடந்ததையெல்லாம் சொன்னேன், என் பெயர் வரக்கூடாது என்று செய்ததையும் சேர்த்து. அக்கா என்னைப் பார்க்காமல் அலமாரிப் பக்கம் போனார். அந்த ஆர்டரின் மாதிரிப் பெட்டி ஒன்றை எடுத்து விரித்து, மடித்து, டேப் ஒட்டி என் முன்னால் நிறுத்தினார்.

"ஏறி உக்காரு."

"அக்கா, நான் எழுபது கிலோ..."

"உக்காரு லா."

உட்கார்ந்தேன். பெட்டி அசையவில்லை. ஒட்டிய விளிம்பைக் குனிந்து விரலால் தடவிப் பார்த்தபடியே அக்கா சொன்னார்: "இதையா திரும்பி வந்துச்சுன்னு எழுதினே?"